தை வரைக்கும் எனக்கு விடுப்பு

குழுவில் உள்ள எல்லாருக்கும் வணக்கம்.

அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. வந்து நின்றவர்களுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. வர முடியாமல் போனவர்கள் சங்கடப்பட வேண்டாம். எங்கள் ஊருக்கு மதியத்துக்கு மேல் பஸ் கிடையாது என்பது உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். இன்று தொடங்கிப் பொங்கல் கழியும்வரை ஞாயிறு கல்வெட்டு வாசிப்புக்கும், கல்லில் தாளை ஒட்டி மைப்படி எடுக்கும் வேலைக்கும் நான் வர மாட்டேன். குழுவை விட்டு விலகவில்லை. வருகைப் பதிவேட்டில் என் பெயரை அடித்துவிட வேண்டாம், 'விடுப்பு' என்று எழுதினால் போதும்.

காரணம் இரண்டு. அப்பனுக்கு மூத்தவன், ஆத்தாளுக்கு இளையவன் என்று எங்கள் பக்கம் வழக்கம். நான்தான் இளையவன், நான்தான் கொள்ளி வைத்தேன். வருஷம் திரும்பும்வரை கோயில் படி மிதிக்கக் கூடாது, மலை ஏறக் கூடாது என்று அத்தை கட்டாயமாகச் சொல்லிவிட்டார். நமக்கு வேலையே கோயில் சுவரில்தான். "உள்ளே போய்ச் சாமியா கும்பிடுறோம்? வெளிச்சுவரைத்தானே பார்த்துக்கிட்டு நிக்கிறோம்?" என்று கேட்டுப் பார்த்தேன். "மதிலுக்கு உள்ளாற கால் வச்சாலே கோயில்தான்டா" என்று முடித்துவிட்டார். தீட்டில் எனக்கு நம்பிக்கை உண்டா இல்லையா என்பதைத் தேநீர்க் கடையில் வைத்துப் பேசிக்கொள்ளலாம். இப்போது அந்த வீட்டில் யார் மனசும் நோகக் கூடாது, அவ்வளவுதான்.

நடுகல் பற்றியும் கேட்டேன். அதற்கு அப்பாதான் பதில் சொன்னார்: "அது செத்தவன் கல்லுதானே. செத்த வீட்டுக்காரன் படிச்சா என்ன குத்தம்?" ஆகவே தை மாதத்திலிருந்து காட்டுப்பக்கம் நடுகல் பார்க்கப் போகும்போது என்னையும் கூப்பிடுங்கள். பள்ளிக்கூட வகுப்புக்கும் அப்போதே வந்துவிடுவேன். கோயில் சுவர் மட்டும் அடுத்த ஆவணிக்கு அப்புறம். கார்த்திகையில் புகழூர் ஆறுநாட்டான் மலைக்குப் போவதாக இருந்தோமே, அதற்கும் நான் இல்லை. சேரர் இரும்பொறையின் தமிழி எழுத்தை நேரில் பார்க்க இரண்டு வருஷமாக நச்சரித்தவனே நான்தான். எனக்காகத் தள்ளிப் போடாதீர்கள், போய்விட்டு வாருங்கள்.

இரண்டாவது காரணம் அப்பா. வயது எழுபத்தெட்டு. அம்மா இருந்தவரை அடுப்பைப் பற்ற வைத்துக்கூடப் பழக்கமில்லாத மனிதர். அண்ணன் திருப்பூரில் இருக்கிறான், நிறைய நாள் லீவு எடுக்க முடியாது. பட்டியில் இருபத்திரண்டு ஆடு நிற்கிறது. விற்பதா, வைத்துக்கொள்வதா என்று இன்னும் முடிவாகவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் ஊரில்தான் இருப்பேன்.

ஆடு என்று எழுதியதும் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. போன சித்திரையில் வடக்குச் சுவரில் முதல் ஆறு வரியைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போன அன்று, நோட்டைப் பிரித்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நந்தா விளக்கு ஒன்றுக்குச் 'சாவா மூவாப் பேராடு' தொண்ணூறு, அதற்கு நிசதம் உழக்கு நெய். சாகாத, கிழடாகாத ஆடு என்றதும் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கையில் அகத்திக்கீரைக் கட்டு. ஒவ்வொரு கொத்தாகப் பிய்த்துக் குட்டிகளுக்குப் போட்டுக்கொண்டே சொன்னார்: "அட, ஒண்ணு செத்தா குட்டி ஒண்ணு வருமில்ல. தொண்ணூறு தொண்ணூறாவே நிக்கணும்னு எழுதி வாங்கியிருக்கான், வெவரமானவன்." சீனிவாசன் சார் நமக்கு அரைமணி நேரம் விளக்கியது இதைத்தான். அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை.

அதோடு விடவில்லை. "வெள்ளாடா செம்மறியா?" என்று கேட்டார். கல்லில் அது இல்லை என்றேன். "ஆட்டுப்பாலுல என்னத்த நெய்யி தேறும்? தெனம் உழக்குன்னா தொண்ணூறும் பத்தாது. அவன் ஆட்டை வித்து மாடு வாங்கியிருப்பான்" என்றார். அதை அடுத்த ஞாயிறு குழுவில் சொன்னேன், ஞாபகம் இருக்கும். மல்லிகா டீச்சர் சிரித்தார், யாரிடமும் பதில் இல்லை. அந்தக் கேள்வி நோட்டின் கடைசிப் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. யாராவது ஒருத்தர் அதைப் பிடித்துக்கொண்டு போனால் எனக்குச் சந்தோஷம்.

இனி ஒப்படைக்க வேண்டியவை.

மைப்படிப் பெட்டி எங்கள் ஊர் வீட்டில் இருக்கிறது. நார் பிரஷ் மூன்று (ஒன்றுக்கு முடி கொட்டுகிறது, அதைக் கல் கழுவ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்), மை பாட்டில் ஒன்றரை, ஒற்றுகிற துணிப்பந்து இரண்டு, தாள் ஒரு சுருள். துணிப்பந்தைப் போன முறை கழுவாமல் வைத்துவிட்டேன். கல்லாகியிருக்கும், துணியைப் பிரித்துப் புதுசு கட்ட வேண்டும். பிரபு தம்பி, இது உன் பொறுப்பு. தாள் அரை ஈரத்தில் இருக்கும்போதுதான் மை ஒற்ற வேண்டும். நீ அவசரப்பட்டு ஒற்றி எழுத்துக்குள் மை இறங்கிவிட்ட கதையை மறுபடி நடத்தாதே. எப்படியும் ஐப்பசி, கார்த்திகையில் தாள் காயாது. மழை விட்டு மார்கழியில் எடுத்தால் போதும். செயல் அலுவலர் கொடுத்த அனுமதிக் கடிதம் பெட்டியின் மூடிக்குள் பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. அது இல்லாமல் சுவரில் தண்ணீர்கூடத் தெளிக்க வேண்டாம். போன மாசி மாதம் ஒரு மணி நேரம் வாசலில் நிற்க வைத்தார்களே, அது போதும்.

வாசிப்பு பதினான்காவது வரியில் நிற்கிறது. 'மதிரை கொண்ட கோப்பரகேசரி' என்று தொடங்குவதால் முதல் பராந்தகன் என்பதில் தகராறு இல்லை. ஆட்சியாண்டு இருந்த இடத்தில் கல் சில்லு பெயர்ந்திருக்கிறது. அதை ஊகித்து எழுதி வைத்துவிடாதீர்கள், புள்ளி வைத்து விட்டுவிடுங்கள். விளக்கு வைத்தவள் பெயர் கொற்றியா, கோற்றியா என்று நானும் சீனிவாசன் சாரும் இரண்டு வாரம் மல்லுக்கட்டினோம். கல்லில் ஒகரத்துக்குக் குறிலும் நெடிலும் ஒரே மாதிரிதான், மெய்க்குப் புள்ளியும் கிடையாது. அதனால் அந்தச் சண்டைக்குக் கல் தீர்ப்புச் சொல்லாது. எனக்குக் கொற்றிதான். சார், நான் இல்லாத சமயம் பார்த்து மாற்றி எழுதிவிடாதீர்கள்.

பணம் ஆறாயிரத்து முந்நூற்று நாற்பது கையிருப்பு. ரசீதுகளோடு மல்லிகா டீச்சரிடம் நேற்றே கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை பள்ளிக்கூட வகுப்பையும் டீச்சரே பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகளுக்கு வட்டெழுத்து தொடங்கியாகிவிட்டது. ஏழாம் வகுப்புப் பையன் ஒருத்தன் தன் பெயரை வட்டெழுத்தில் பெஞ்சில் கீறிவிட்டான். திட்டு வாங்கியிருக்கிறான், பாவம். எழுத்து சரியாக இருந்தது என்று அவனிடம் யாராவது சொல்லுங்கள்.

ஒரு வேண்டுகோள். துக்கம் கேட்க இனிமேல் யாரும் கிளம்பி வர வேண்டாம். வந்தால் அப்பா முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்வார். சொல்லி முடித்தால் அன்று ராத்திரி சாப்பிட மாட்டார். போன் பண்ணுங்கள், ஆனால் எத்தனை வயசு என்று கேட்டு, எழுபத்து நாலு என்றதும் "அப்ப கல்யாணச் சாவுதான்" என்று சொல்லாதீர்கள். பதினாறு நாளில் இருபது பேராவது சொல்லிவிட்டார்கள். ஆறுதலுக்காகச் சொல்கிறார்கள் என்று தெரிகிறது, கேட்கத்தான் முடியவில்லை. நீங்கள் பேசுவதென்றால் கல்வெட்டு பேசுங்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேட்பேன்.

கருமாதிப் பத்திரிகை அடிக்கப் போனபோது அச்சகத்தில் ஒரு அட்டையை நீட்டினார்கள். சிவலோக பதவி அடைந்தார், இயற்கை எய்தினார், இறைவனடி சேர்ந்தார், எது வேண்டும் என்றார்கள். எனக்கு அந்த நேரத்தில் சோழர் கல்வெட்டுதான் வந்து நின்றது. சுந்தர சோழனைப் பொன்மாளிகைத் துஞ்சின தேவர் என்கிறார்கள், கண்டராதித்தனை மேற்கெழுந்தருளின தேவர் என்கிறார்கள். இறந்தார் என்று எழுத அவர்களுக்கும் கை வரவில்லை போல. 'துஞ்சினார்' என்று போடலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். "யாருக்குடா புரியும்?" என்றான். நியாயம்தான். 'காலமானார்' என்று போட்டோம். ஆனால் அம்மா உண்மையிலேயே தூக்கத்தில்தான் போனார். விடியற்காலை ஆடு கத்திக்கொண்டே இருக்கிறதே என்று அப்பா எழுந்து போய்ப் பார்த்திருக்கிறார்.

பெட்டியை எடுக்க வருகிறவர்கள் சனிக்கிழமை காலையில் வாருங்கள், நான் இருப்பேன். நான் இல்லாவிட்டாலும் சாவி அப்பாவிடம் இருக்கும். டீ குடிக்காமல் அனுப்ப மாட்டார். இப்போதுதான் போடப் பழகியிருக்கிறார், சர்க்கரை அதிகமாக இருக்கும். ஒன்றும் சொல்லாமல் குடித்துவிடுங்கள்.

அன்புடன்,
செல்வராசு