7ஆம் பிரிவில் நீங்கள் விட்டுக்கொடுப்பது என்ன

யாழ்ப்பாணம்
2025.09.16

தம்பிக்கு,

நேற்று நீங்கள் தந்துவிட்டுப் போன வேலைவிலகல் உடன்படிக்கையை முழுதாக வாசித்துவிட்டேன். பதினொரு பக்கம். பத்துப் பக்கத்தில் காசு எவ்வளவு, எப்போது, ரசீதுப் புத்தகங்களையும் கந்தோர்ச் சாவியையும் யாரிடம் ஒப்படைப்பது என்ற சங்கதிகள். மிச்சம் ஒரு பக்கம் 7ஆம் பிரிவு. கொம்பனி காசு தருவதே அந்த ஒரு பக்கத்துக்காகத்தான். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துக் கேட்கிறார்கள். அதற்கு முன் இதை ஆறுதலாக இருந்து வாசியுங்கள், வீட்டிலும் வாசிக்கக் கொடுங்கள்.

ஆங்கிலத்தில் உள்ள அந்தப் பிரிவின் பொருள் தமிழில் இதுதான்:

"4ஆம் பிரிவில் குறிப்பிட்ட தொகைக்குப் பிரதியுபகாரமாக, ஊழியர் தன் சார்பிலும் தன் வாரிசுகள் சார்பிலும், கொம்பனிக்கும் அதன் பணிப்பாளர்கள், உத்தியோகத்தர்கள், இணைக் கொம்பனிகளுக்கும் எதிராகத் தனக்கு உள்ள, அல்லது இனி எழக்கூடிய, தெரிந்த மற்றும் தெரியாத எல்லாக் கோரிக்கைகளிலிருந்தும் அவர்களை நிரந்தரமாக விடுவிக்கிறார். சம்பளம், கொமிஷன், பணிக்கொடை, சேமலாப நிதி, நட்டஈடு, உடற்காயம் என்பனவும், தொழில் நியாயசபை உட்பட எந்த மன்றத்தின் முன்னும் கொண்டுசெல்லக்கூடிய எதுவும் இதில் அடங்கும்."

"தெரியாத" என்பதைக் கவனியுங்கள். இன்றைக்கு உங்களுக்குத் தெரியாத ஒரு பாக்கி அடுத்த வருடம் தெரியவந்தாலும் கேட்கமாட்டேன் என்று எழுதிக் கொடுக்கிறீர்கள். "இனி எழக்கூடிய" என்பது அதைவிட மோசம். பேசிய காசையே கொம்பனி தராமல் விட்டால், அதைக் கேட்பதும் இனி எழும் கோரிக்கைதான் என்று வாதாட அந்தச் சொல் இடம் வைக்கிறது. அதை வெட்டவேண்டும். விடுவிப்பு, கையெழுத்திடும் நாள்வரை நடந்தவற்றோடு நிற்கட்டும்.

இனி, இந்தக் கையெழுத்து கொம்பனிக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று பார்ப்போம். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், வேலையாட்களின் தொழில் முடிவுறுத்தல் பற்றியது. ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஆளை நிறுத்துவதற்கு அது இரண்டு வழிதான் விடுகிறது. ஒன்று, ஊழியரின் முன்கூட்டிய எழுத்துமூலச் சம்மதம். மற்றது, தொழில் ஆணையாளரின் முன்கூட்டிய எழுத்துமூல அனுமதி. இரண்டும் இல்லாத நிறுத்தம் சட்டப்படி செல்லாது. 15 பேருக்குக் குறைந்த இடத்துக்கு இந்தச் சட்டம் இல்லை. ஆனால் உங்கள் கிளையில் ஆறு பேர்தானே என்று யோசிக்கவேண்டாம், எண்ணுவது முழுக் கொம்பனியின் ஊழியர்களை. கிளையை மூடுவதற்காக உங்களை நிறுத்துகிறார்கள், உங்கள்மேல் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. ஆகவே ஆணையாளரிடம் போகாமல் தப்புவதற்கு அவர்களுக்கு இருக்கும் ஒரே வழி உங்கள் கையெழுத்து. 1ஆம் பிரிவில் "ஊழியர் தன் விருப்பப்படி விலகுகிறார்" என்று போட்டிருப்பதும் இதற்காகத்தான்.

ஆணையாளரிடம் போனால் நட்டஈடு கணக்கிடுவதற்கு வர்த்தமானியில் வந்த சூத்திரம் உண்டு. முதல் 5 வருடத்துக்கு வருடத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம், 6ஆம் வருடம் முதல் 14 வரை வருடத்துக்கு 2 மாதம். நீங்கள் 2014 மார்ச்சில் சேர்ந்தவர், முடித்தது 11 வருடம். முதல் ஐந்துக்கு 12.5, அடுத்த ஆறுக்கு 12, ஆக 24.5 மாதம். அடிப்படை 60,000, வாழ்க்கைச்செலவுப் படி 18,000, சேர்த்து 78,000 என்றால் 19,11,000 ரூபா வருகிறது. உச்சவரம்பான 25 இலட்சத்துக்குள் இது அடங்கும்.

அவர்கள் தருவது 12,50,000. பார்க்கப் பெரிய தொகை. ஆனால் 4ஆம் பிரிவில் "அனைத்தும் உள்ளடங்கலாக" என்றொரு சொல் ஒளிந்திருக்கிறது. அதைப் பிரித்துப் பாருங்கள். பணிக்கொடை, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரைமாதச் சம்பளம்: 39,000 பெருக்கல் 11, அதாவது 4,29,000. செப்டெம்பர்ச் சம்பளம் 78,000. உங்கள் நியமனக் கடிதத்தில் உள்ள ஒரு மாத அறிவித்தலுக்கான சம்பளம் இன்னொரு 78,000. இரண்டு காலாண்டின் அறவீட்டுக் கொமிஷன் 46,500. இந்த 6,31,500 ரூபாவும் நீங்கள் ஒரு கையெழுத்தும் போடாமலேயே உங்களுக்கு வரவேண்டிய காசு. மிச்சம் 6,18,500. எட்டு மாதச் சம்பளம்கூட வராது. 7ஆம் பிரிவுக்கு அவர்கள் வைத்திருக்கும் உண்மையான விலை இதுதான்.

19 இலட்சமும் கைக்கு வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆணையாளரிடம் விசாரணை மாதக்கணக்கில் போகும், அனுமதி மறுக்கப்பட்டால் நீங்கள் வேலையில் தொடர்வீர்கள், நட்டஈடு என்ற பேச்சே வராது. உடனே காசு வேண்டுமென்றால் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதில் பிழையில்லை. எவ்வளவு விடுகிறோம் என்று தெரிந்து விடவேண்டும், அவ்வளவுதான். என் எண்ணத்தில், 6,31,500ஐத் தனியாக வைத்துவிட்டு, அதற்கு மேலே 15 மாதம், அதாவது 11,70,000 கேட்டுத் தொடங்கலாம். 12 மாதத்துக்குக் கீழே நான் கையெழுத்திடச் சொல்லமாட்டேன்.

சேமலாப நிதியை 7ஆம் பிரிவுக்குள் இழுத்துப் போட்டிருக்கிறார்கள். அது இந்தக் கடதாசியால் விடக்கூடிய சாமானே இல்லை. ஊழியர் 8 வீதம், தொழில்தருநர் 12 வீதம் ஈ.பி.எப்.புக்கும், தொழில்தருநர் 3 வீதம் ஈ.ரி.எப்.புக்கும் கட்டவேண்டியது சட்டக் கடமை. உங்கள் சம்பளச் சீட்டுகளைப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. 2024 ஜனவரியிலிருந்து 12 வீதத்தை 60,000க்கு மட்டும் போட்டு 7,200 காட்டியிருக்கிறார்கள். வாழ்க்கைச்செலவுப் படியையும் சேர்த்தால் 9,360. மாதம் 2,160 குறைவு. ஓகஸ்ட்வரை 20 மாதத்துக்கு 43,200. ஈ.ரி.எப்.பில் மாதம் 540 வீதம் 10,800. உங்கள் 8 வீதத்திலும் அதே குறை உண்டு, அதையும் கேட்கவேண்டும். தொழில் திணைக்களத்தின் யாழ்ப்பாணக் கந்தோரில் முறைப்பாடு கொடுத்தால் கொம்பனியிடம் அறவிடுவார்கள். அப்படியானால் அந்தச் சொற்கள் பிரிவில் ஏன்? நீங்கள் பயந்து கேட்காமல் விடுவீர்கள் என்றுதான். 2023இல் அறவீட்டுக்குப் போய் வரும்போது கொடிகாமத்தடியில் விழுந்து முழங்கால் உடைந்ததற்கான வேலையாள் நட்டஈடும் "உடற்காயம்" என்ற சொல்லுக்குள் அடிபட்டுப் போகிறது. அதையும் வெளியே எடுக்கவேண்டும்.

எனக்கு மிகவும் உறுத்துவது வேறொன்று. நீங்கள் கொம்பனியை விடுவிக்கிறீர்கள். கொம்பனி உங்களை விடுவிக்கவில்லை. அறவீட்டு வேலை பார்த்தவருக்கு இது சின்ன விசயமில்லை. ஆறு மாதம் கழித்துக் கணக்காய்வில் ஒரு ரசீதுப் புத்தகம் குறைகிறது என்று உங்களுக்கு எதிராக அவர்கள் வழக்குப் போடலாம், உங்களுக்குத் திருப்பிக் கேட்க வழியில்லை. 9ஆம் பிரிவு மோட்டார் சைக்கிள் கடனில் "நிலுவை எதுவோ அதை" கழிக்க அனுமதிக்கிறது. தொகை எழுதவில்லை. உங்கள் கணக்குப்படி 1,18,000. அந்த எண் உடன்படிக்கையில் இருக்கவேண்டும், கழித்தபின் கடன் முடிந்தது என்ற கடிதமும் வேண்டும். பிணை நிற்கும் உங்கள் மைத்துனரின் பெயரும் அந்தக் கடிதத்தில் விடுவிக்கப்படவேண்டும்.

நாள்களைப் பாருங்கள். விடுவிப்பு கையெழுத்திட்ட கணமே நடைமுறைக்கு வருகிறது. காசு 90 நாளுக்குள். பணிக்கொடையைச் சட்டம் 30 நாளில் தரச் சொல்கிறது, தாமதித்தால் 10 வீதத்தில் தொடங்கி 30 வீதம்வரை மேலதிகமாகக் கட்டவேண்டும். அந்த மேலதிகத்தையும் இந்தப் பிரிவு விழுங்கிவிடும். கையெழுத்திட்ட பிறகு மனம் மாறினால் திரும்பப் பெறுவதற்கு உடன்படிக்கையில் ஒரு நாளும் தரவில்லை.

இணையத்தில் கிடக்கும் அமெரிக்கப் படிவத்தைப் பார்த்து எழுதியவர், அந்தப் படிவங்களில் ஊழியருக்கு வாய்ப்பான யோசிக்கும் நாள்களை மட்டும் விட்டுவிட்டார் போல. அதேநேரம் 11ஆம் பிரிவில் "சுயாதீனமான சட்ட ஆலோசனை பெற்று, விளங்கி, வற்புறுத்தலின்றி" என்று இருக்கிறது. பின்னர் கட்டாயப்படுத்தினார்கள் என்று சொன்னால் முதலில் நீட்டுவது அந்த வரியைத்தான். முகாமையாளர் அனுப்பிய "வெள்ளிக்குப் பிறகு இந்தத் தொகை இல்லை" என்ற வட்ஸ்அப் செய்தியை அழிக்கவேண்டாம்.

7ஆம் பிரிவின் முடிவில் சேர்க்கச் சொல்லும் வாசகம் இது. ஆங்கிலப் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன்:

"இவ்விடுவிப்பு கையெழுத்திடும் திகதிவரை எழுந்த கோரிக்கைகளுக்கு மட்டுமே உரியது. 4ஆம் பிரிவின் முழுத் தொகையும் ஊழியரின் வங்கிக் கணக்கில் வரவான நாளிலேயே நடைமுறைக்கு வரும். பணிக்கொடை, ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதியம், வேலையாள் நட்டஈடு, இவ்வுடன்படிக்கையை நிறைவேற்றக் கோரும் உரிமை ஆகியன இதில் அடங்கா. கொம்பனியும் ஊழியருக்கு எதிரான எல்லாக் கோரிக்கைகளிலிருந்தும் அவரை அதேபோல் விடுவிக்கிறது."

கடைசி வசனத்துக்குத்தான் மல்லுக்கட்டுவார்கள். மோசடி நிரூபிக்கப்பட்டால் தவிர என்று ஒரு விதிவிலக்குக் கேட்டால் கொடுக்கலாம்.

வியாழக்கிழமைக்குள் மனிதவளப் பிரிவுக்கு ஈமெயில் போடுங்கள். தொலைபேசியில் பேசவேண்டாம். இரண்டு வரி போதும்: "உடன்படிக்கையைச் சட்டத்தரணி பார்வையிடுகிறார். 7ஆம், 9ஆம் பிரிவுகளில் திருத்தம் கேட்கிறேன். தமிழ்ப் பிரதியும் தரவும். இதனை விலகலாகவோ சம்மதமாகவோ கொள்ளவேண்டாம்." திகதி போடாத விலகல் கடிதம் ஒன்றை நீட்டினால் தொடவேண்டாம். இதற்கிடையில் பணிக்கொடைக் காசோலை மட்டும் தந்தால் வாங்கலாம். ஆனால் வவுச்சரில் "முழுமையும் இறுதியுமான தீர்வு" என்று அச்சடித்திருந்தால் அதை வெட்டி, "பணிக்கொடை மட்டும்" என்று எழுதிக் கையெழுத்திட்டு, போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெட்ட விடாவிட்டால் வாங்காமல் வாருங்கள்.

ஒருவேளை 30ஆம் திகதி சம்மதம் இல்லாமலே நிறுத்திவிட்டால், தொழில் நியாயசபைக்கு விண்ணப்பிக்க அன்றிலிருந்து 6 மாதம்தான். பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காக அந்தக் காலம் நிற்காது. மார்ச் வரை இழுக்காமல் நவம்பரிலேயே போட்டுவிடுவோம்.

வியாழன் பின்னேரம் 4 மணிக்கு வாருங்கள். நியமனக் கடிதம், 2024 ஜனவரியிலிருந்து எல்லாச் சம்பளச் சீட்டும், ஈ.பி.எப். கூற்று, கடன் உடன்படிக்கை, கொடிகாமம் விபத்தின் வைத்தியசாலை மட்டை ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். மைத்துனருக்கு நேரம் இருந்தால் அவரையும் கூட்டிவாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சட்டத்தரணி