முகவரி, கைபேசி எண் மாற்றம்: வாட்ஸ்அப் செய்திகளும் எல்.ஐ.சி.க்கு எழுதிய கடிதமும்

சரோஜா டீச்சர் முகவருக்கு அனுப்பியவை:

"தம்பி வணக்கம், கும்பகோணம் சரோஜா டீச்சர். வீடு மாறி திருச்சி வந்துட்டோம். எல்ஐசில அட்ரஸ மாத்திடுங்க"

"பழைய நம்பர் கட் ஆயிடுச்சு. இதான் புதுசு. பழசுக்கு மெசேஜ் போட வேணாம்னு சொல்லுங்க"

"அடுத்த மாசம் மணிபேக் பணம் வரணுமே, தபால் பழைய வீட்டுக்குப் போயிடுமா?? அங்க பூட்டிக் கெடக்கு"

"அவரு பாலிசிக்கும் சேத்து மாத்திடுங்க ப்ளீஸ்"

முகவரின் பதில்:

"டீச்சர், எழுத்துல கொடுத்தாத்தான் ஏத்துவாங்க. சார் பாலிசிக்கு சார்தான் கையெழுத்துப் போடணும்."

அண்ணன் மகன் எழுதிக் கொடுத்தபோது:

"அத்தை, லெட்டர் ரெடி. மாமா பாலிசியை இதுல சேர்க்கல, அவருக்குத் தனியா ஒண்ணு எழுதித் தர்றேன். இது முகவர் போனுக்கும் போகுதுங்கறதால பாலிசி எண், போன் எண் ரெண்டுலயும் கடைசி நாலு இலக்கம்தான் போட்டிருக்கேன். முழுசா படிவத்துல இருக்கு. 'ப்ளீஸ்', 'உடனே' எல்லாத்தையும் எடுத்துட்டேன். 15-ந் தேதின்னு எழுதியிருக்கே, அவசரம் அதுலயே தெரிஞ்சிடும். ஆதார் நகல்ல கையெழுத்துப் போட மறந்துடாதீங்க."

அனுப்புநர்
ஆர். சரோஜா,
கதவு எண் 14, இரண்டாம் தளம்,
3-ஆவது குறுக்குத் தெரு, தில்லைநகர்,
திருச்சிராப்பள்ளி – 620 018.

பெறுநர்
கிளை மேலாளர் அவர்கள்,
இந்திய ஆயுள் காப்பீட்டுக் கழகம்,
கும்பகோணம் கிளை.

நாள்: 10.11.2025

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பொருள்: 7316 என முடியும் பாலிசி – முகவரி, கைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவற்றை மாற்றக் கோருதல் – தொடர்பாக.

தங்கள் கிளையில் 15.12.2015 அன்று தொடங்கிய 20 ஆண்டு மணிபேக் பாலிசி ஒன்று என் பெயரில் உள்ளது. காப்புத் தொகை ரூ.5,00,000. அரையாண்டு பிரீமியத்தை இதுவரை தவணை தவறாமல் செலுத்தி வருகிறேன்.

கும்பகோணம் டபீர் தெரு, கதவு எண் 27 என்ற முகவரியிலிருந்து கடந்த மாதம் குடும்பத்துடன் திருச்சிக்குக் குடிபெயர்ந்துவிட்டோம். அந்த வீடு இப்போது பூட்டியே உள்ளது. அங்கு வரும் தபாலைப் பெற்றுக்கொள்ள யாரும் இல்லை. எனவே மேலே கண்ட தில்லைநகர் முகவரியை எனது நிரந்தர முகவரியாகவும் கடிதப் போக்குவரத்துக்கான முகவரியாகவும் பதிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். நியமனதாரரான என் கணவரும் இதே முகவரியில்தான் வசிக்கிறார்.

பாலிசியில் பதிவாகியுள்ள 2203 என முடியும் கைபேசி எண் தற்போது என்னிடம் இல்லை. அது பின்னர் வேறு ஒருவருக்கு ஒதுக்கப்படலாம் என்பதால், புதிய எண்ணைக் கூடுதலாகச் சேர்ப்பதோடு நில்லாமல் பழைய எண்ணைப் பதிவிலிருந்து முழுமையாக நீக்கிவிட வேண்டுகிறேன். புதிய எண் 5948 என முடிவது. மின்னஞ்சல் முகவரி இதுவரை பதிவில் இல்லை. அதையும் இணைப்புப் படிவத்தில் எழுதியுள்ளேன்.

பத்தாம் ஆண்டு நிறைவில் கிடைக்க வேண்டிய வாழ்வுக்காலப் பயன், காப்புத் தொகையில் 20 சதவீதமான ரூ.1,00,000, வரும் 15.12.2025 அன்று உரியதாகிறது. அடுத்த பிரீமியத் தவணையும் அதே நாளில் வருகிறது. இவை தொடர்பான அறிவிப்பும் படிவங்களும் பழைய வீட்டுக்குச் சென்றுவிடாதபடி, அதற்கு முன்பே இம்மாற்றத்தைச் செய்து உதவ வேண்டுகிறேன். தொகை வரவு வைக்க ஏற்கெனவே கொடுத்துள்ள வங்கிக் கணக்கில் எந்த மாற்றமும் இல்லை.

பாலிசியில் என் பெயர் 'ஆர். சரோஜா' என்றும், ஆதாரில் 'சரோஜா ராஜகோபாலன்' என்றும் உள்ளது. ராஜகோபாலன் என் கணவர். முன்னெழுத்து அவர் பெயரையே குறிக்கும். இரு பெயர்களும் என்னையே குறிப்பன. சரிபார்ப்புக்காக பான் அட்டை நகலையும் இணைத்துள்ளேன்.

பாலிசியைத் திருச்சி கிளைக்கு மாற்றுமாறு இப்போது கோரவில்லை. அதன் சேவை தங்கள் கிளையிலேயே தொடரலாம்.

மாற்றம் பதிவானதும் புதிய கைபேசி எண்ணுக்குத் தகவல் தெரிவிக்கவும், இக்கடிதத்தின் நகலில் கிளை முத்திரையும் தேதியும் இட்டு, இதைக் கொண்டுவரும் என் அண்ணன் மகனிடம் அளிக்கவும் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆர். சரோஜா

இணைப்பு:
1. முகவரி, தொடர்பு விவர மாற்றப் படிவம்
2. ஆதார் நகல், முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்டது, சுய சான்றொப்பத்துடன்
3. பான் அட்டை நகல், சுய சான்றொப்பத்துடன்
4. கடைசியாகச் செலுத்திய பிரீமிய ரசீதின் நகல்