பாவற்காய் விதை பற்றி மூன்றாம் மாடியிலிருந்து ஒரு கடிதம்

வெள்ளவத்தை, கொழும்பு 06
சனிக்கிழமை, 14.06.2025

அன்புள்ள சுபாஷினி,

வியாழக்கிழமை நான் பாவற்காய்ப் பொரியல் தந்த கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்று இரண்டு கறுத்தக்கொழும்பான் வைத்து அனுப்பியிருந்தீர்கள். ஒன்றை நேற்றிரவே முடித்துவிட்டோம். மற்றதைப் பழுக்கட்டும் என்று அரிசி வாளிக்குள் புதைத்து வைத்திருக்கிறேன். மிக்க நன்றி.

இந்தக் கடிதம் மாம்பழத்துக்காக இல்லை. நேற்றுப் பின்னேரம் படியில் கவினைக் கண்டு, "பாவக்காய் பிடிச்சுதோ அப்பு?" என்று கேட்டேன். அவன் ஒளிக்காமல் சொல்லிவிட்டான். "அம்மா கொட்டையெல்லாம் பொறுக்கி எறிஞ்சிட்டா அன்ரி. நான் அதுக்கு முதலே மூண்டு கொட்டை சாப்பிட்டன். அது நஞ்சு எண்டு அப்பம்மா சொன்னா. எனக்கு ஏதும் நடக்குமோ?" பிள்ளையின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நீங்கள் காலையில் ஏழு மணிக்கு முன்னமே வேலைக்குப் போய்விடுகிறீர்கள், நான் ஒன்பது மணிக்குப் படுத்துவிடுவேன். நேரில் பேச வாய்ப்பில்லை, போனில் இவ்வளவு நீளத்துக்குத் தட்டவும் எனக்குக் கைவராது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் கவினின் கேள்விக்குப் பதில். ஒன்றும் நடக்காது. சமைத்த பாவற்காயில் விதையைச் சாப்பிடலாம். நான் தெரியாமலோ சோம்பலிலோ விட்ட விதை இல்லை அது, வேண்டுமென்றே விட்டது. கிண்ணத்தைத் தரும்போது இதைச் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் எப்போதும் இப்படித்தான் என்பதால் எனக்குத் தோன்றவே இல்லை.

உங்கள் மாமி பயந்ததிலும் நியாயம் இருக்கிறது. விதை என்றால் ஆமணக்கும் குன்றிமணியும் நினைவுக்கு வரும் தலைமுறை அவர். பாவற்காயிலும் நன்றாகப் பழுத்த பழத்தின் விதையைப் பச்சையாக மென்று விழுங்கினால் வயிற்றைக் கலக்கி எடுத்துவிடும். ஊரில் யாருக்காவது அப்படி நடந்து, அந்தப் பேச்சு எல்லா விதைக்குமாகப் பரவியிருக்கலாம். ஆகவே மாமியுடன் சண்டைக்குப் போகாதீர்கள். பழுத்த காய்க்கு அவர் சொன்னது சரி, பிஞ்சுக்கு நான் சொல்வது சரி.

எது பிஞ்சு, எது முற்றல் என்று வெளித்தோலைப் பார்த்து அறுதியாகச் சொல்ல முடியாது. வெட்டித்தான் பார்க்க வேண்டும். பிஞ்சுக் காயில் விதை வெள்ளையாக, புடலங்காய்ப் பிஞ்சின் விதைபோல் மெத்தென்று இருக்கும். சுற்றியிருக்கும் பஞ்சும் வெள்ளைதான். நகத்தால் அழுத்தினால் நகம் உள்ளே இறங்கும். அதை எடுக்கவே தேவையில்லை. அடுத்தது அரைமுற்றல். விதை பருத்து, தோல் சற்று மஞ்சளாகி, நகம் பதியும் ஆனால் இறங்காது. கத்திக்கு இன்னும் சுகமாக வெட்டுப்படும். இதுதான் என் விருப்பம், உங்களுக்குத் தந்த பொரியலில் இருந்ததும் இதுதான். மூன்றாவது, காய் மஞ்சளாகத் தொடங்கி, விதையைச் சுற்றி இளஞ்சிவப்பு ஏறியது. அந்த விதையின் ஓடு பழுப்பாக, ஆமை முதுகில் செதுக்கியதுபோல் வரிவரியாகக் கிடக்கும். கத்தி வழுக்கும். அதை எடுத்து எறிந்துவிட்டுச் சதையை மட்டும் சமையுங்கள்.

காசைப் பார்த்து ஒருநாள் அந்த மூன்றாம் வகையையும் விடாமல் குழம்பில் போட்டேன். அண்ணையின் கடைவாய்ப் பல்லில் அடைத்திருந்தது கழன்றுவிட்டது. பாவற்காயில் மிச்சம் பிடித்த காசு முழுவதையும் பல்வைத்தியருக்குக் கொடுத்தோம்.

இனி ருசி. விதையும் சதைபோலக் கசக்கும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். கசப்பில் பெரும்பங்கு சதையில்தான். பிஞ்சு விதைக்குத் தனி ருசி என்று சொல்ல ஒன்றுமில்லை. பால்கறியில் போட்டால் அது போஞ்சியின் உள்விதைபோல் குழைந்து, பாலையும் வெந்தயத்தையும் குடித்துக்கொண்டு சும்மா இருக்கும். விதை இருந்ததே பலருக்குத் தெரியாது.

அரைமுற்றல் விதை அப்படியில்லை. அதைப் பொரித்தால் வெளித்தோல் மொறுமொறுத்து, கடிக்கும்போது நறுக்கென்று உடையும். உள்ளே சின்னதாக ஒரு பருப்பு. வறுத்த கச்சானை நினையுங்கள், அதோடு சுட்ட பலாக்கொட்டையின் மாப்பதத்தில் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அதுதான். எண்ணெய்ப்பசை உள்ள பருப்பு என்பதால் வாயில் ஒரு கொழுப்பு ருசி நிற்கும். கசப்பு உண்டு, ஆனால் பிந்தித்தான் வரும். மென்று விழுங்கிய பிறகு நாக்கின் அடியில் லேசாகத் தட்டிவிட்டுப் போகும். சதையின் கசப்பு வாசலிலேயே நின்று சத்தம் போடும், விதையின் கசப்பு விடைபெறும்போது ஒரு சொல் சொல்லும்.

குழம்பில் அதே அரைமுற்றல் விதை வேறு மாதிரி. உள்பருப்பு அவித்த கச்சான்போல் மெதுவாகிவிடும், நல்லாயிருக்கும். ஆனால் தோல் வேகாமல் சவ்வாக நிற்கும். சிலர் மென்று சக்கையைத் தட்டின் ஓரத்தில் வைப்பார்கள், முருங்கைக்காய் சாப்பிடுவதுபோல. எனக்கு அது பிடிப்பதில்லை. அரைமுற்றல் என்றால் பொரியல்தான், குழம்புக்கும் பால்கறிக்கும் பிஞ்சு.

நான் பொரிக்கிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். கவினுக்குப் பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன், பயந்தபின்பும் மூன்று என்று எண்ணி வைத்திருக்கிறானே! காயை நெடுக்காகப் பிளக்காமல் வட்டம் வட்டமாக, ஒரு ரூபாய்க் குற்றியைவிடச் சற்றுத் தடிப்பாக, விதையோடு சேர்த்து வெட்டுங்கள். விதை முழுதாக இருக்காமல் வெட்டுப்படுவது முக்கியம். முழு விதைக்குள் ஈரம் அடைபட்டிருக்கும், எண்ணெய் கொதிக்கும்போது பட்டென்று வெடித்து முகத்துக்கு வரும். முழுதாக அகப்பட்டதை ஊசியாலோ கத்தி முனையாலோ ஒருதரம் குத்திவிடுங்கள். உப்பும் மஞ்சளும் பிரட்டி ஒரு கால்மணி நேரம் வைத்து, வருகிற தண்ணீரைப் பிழிந்து ஊற்றுங்கள். தாச்சியில் நடுத்தர நெருப்பு. நெருப்பைக் கூட்டினால் சதை கருகிவிடும், விதை உள்ளே பச்சையாக இருக்கும். விதை வெளிர் மண்ணிறத்துக்கு வந்ததும் இறக்குங்கள், அதற்கு மேல் விட்டால் கருகல் கசப்பு சேர்ந்து எல்லாம் கெட்டுவிடும். ஆறியபின் சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கொஞ்சம் மாசி, தேசிக்காய்ப்புளி. தேசிக்காயைச் சாப்பிடப் போகும்போதுதான் விடவேண்டும், முன்னமே விட்டால் விதையின் மொறுமொறுப்பு போய்விடும். வியாழக்கிழமை நான் அந்தப் பிழையைத்தான் விட்டேன். உங்களுக்குக் கிண்ணம் வந்த நேரம் விதை நமுத்திருக்கும். அந்த நிலையில் பார்த்தால் எனக்கும் பொறுக்கி எறியத்தான் மனம் வரும்.

சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டு அளவைச் சொல்லாமல் விடக்கூடாது. கனடாவில் தாதியாக இருக்கும் என் மகள் இதில் சரியான கண்டிப்பு. உங்கள் மச்சாளுக்கு இப்போது ஐந்தாம் மாதம் என்று சொன்னீர்கள். அவருக்கு விதையைக் கொடுக்கவே வேண்டாம். பிள்ளைத்தாச்சிகள் பாவற்காய் விதையைத் தவிர்க்க வேண்டும் என்பதில் மகளுக்கு இரண்டாம் பேச்சு இல்லை. அதேபோல் ஜி6பிடி குறைபாடு என்று இரத்தத்தில் ஒன்று இருக்கிறதாம். அது உள்ளவர்களுக்கும் கூடாது. விதையில் உள்ள விசின் என்ற பொருள் அவர்களுடைய செங்குருதிக் கலங்களை உடைக்குமாம். உங்கள் வீட்டில் யாருக்காவது அப்படி டொக்டர் சொல்லியிருந்தால் பொரியலையே மறந்துவிடுங்கள். மாமி சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுகிறவர். கறியாகச் சாப்பிடுவது சரி, ஆனால் யாரோ சொன்னார்கள் என்று பாவற்காய்ச் சாறு பிழிந்து குடிக்கவோ விதையை இடித்துத் தூளாக்கி விழுங்கவோ விடாதீர்கள். குளிசையும் அதுவும் சேர்ந்து சீனியை அளவுக்கு மீறி இறக்கிவிடும். கவினுக்குக் கறியோடு வருகிற நாலைந்து விதை போதும், கச்சான்போல் கொறிக்கக் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று ஞாபகம் வருகிறது. சின்ன வயதில் எங்கள் ஊர் வேலியில் பாவற்கொடி படர்ந்திருந்தது. பறிக்காமல் விட்ட பழம் செம்மஞ்சளாகி, நுனியில் தானாக மூன்றாகப் பிளந்து சுருளும். உள்ளே விதையைச் சுற்றி இரத்தச் சிவப்பில் வழுவழுப்பான சதை. அது இனிக்கும் என்றால் நம்புவீர்களா? நாங்கள் அதை உறிஞ்சிவிட்டு விதையை யார் தூரத் துப்புவது என்று போட்டி வைப்போம். விதையை விழுங்கினால் வயிற்றுக்குள் கொடி படரும் என்று அம்மா வெருட்டுவார். உங்கள் மாமியும் என் அம்மாவும் ஒரே பள்ளிக்கூடம் போலிருக்கிறது.

இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னப் போத்தல் வைத்திருக்கிறேன். இன்று காலையில் பொரித்தது, தேசிக்காய் விடவில்லை. அரைமுற்றல் காய், விதை எல்லாம் வெட்டுப்பட்டது. சோற்றோடு முதலில் ஒரு விதையை மட்டும் தனியாக எடுத்து மென்று பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் பொறுக்கி எறியுங்கள், நான் கோபிக்க மாட்டேன். மூன்று கொட்டை சாப்பிட்டவன் நேற்றிரவு நித்திரை கொண்டானோ என்றுதான் எனக்குக் கவலை. அவனுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

நாளைக்குக் காலையில் அண்ணை சந்தைக்குப் போகிறார். பாவற்காய் வேண்டுமென்றால் இரவுக்குள் கவினை அனுப்பிச் சொல்லுங்கள், கையோடு உங்களுக்கும் அரைக்கிலோ வாங்கி வருவார். போத்தலுக்கு அவசரமில்லை. மாம்பழம் வைத்து அனுப்பத் தேவையுமில்லை, போத்தலுக்குள் அது போகாது.

அன்புடன்,
மேல்மாடி மங்கை அக்கா