டீம் லீட் பொறுப்பு ஒப்படைப்பு: பில்லிங், இ-இன்வாய்ஸ்

கடைசியாகத் திருத்தியது: 2025 நவம்பர் 14
என் கடைசி வேலை நாள்: நவம்பர் 28, வெள்ளி
பொறுப்பு ஏற்பவர்: கவிதா. அவர் லீவில் இருந்தால் பிரசன்னா.

புரியாத இடத்தில் பக்கத்திலேயே கமென்ட் போடுங்கள், அன்றைக்கே எழுத்தில் பதில் தருகிறேன். கேன்டீனில் கேட்டால் கேட்டவருக்கு மட்டும்தான் தெரியும். கோட் பற்றிய விளக்கம் ரீட்மியில் இருக்கிறது. இங்கே இருப்பதெல்லாம் கோடைப் படித்தாலும் தெரியாதவை.

நாள் கணக்கு

☑ நவ. 3–7: நான் வேலை செய்தேன், கவிதா கூடவே உட்கார்ந்து பார்த்தார்.
☑ நவ. 11, ஜிஎஸ்டிஆர்-1 கடைசி நாள்: கவிதா செய்தார், நான் பக்கத்தில் இருந்தேன்.
☐ நவ. 20, ஜிஎஸ்டிஆர்-3பி கடைசி நாள்: கவிதாவும் பிரசன்னாவும் மட்டும். எனக்கு அன்று கீபோர்டு கிடையாது, கேட்டால்தான் வாய் திறப்பேன்.
☐ நவ. 21–28: அலெர்ட் எதுவும் என் போனுக்கு வராது. ஆபீஸில் இருப்பேன், ஆனால் இல்லாத மாதிரி.

11-ம் தேதி மாட்டிய விஷயம்

அக்டோபர் கணக்கில் நான்கு பில் கூடுதலாக வந்ததைக் கவிதா கண்டுபிடித்தார். காரணம் பழையதுதான். சர்வர் யுடிசி நேரத்தில் ஓடுகிறது, நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். குடோனில் இரவு லோடு ஏற்றும்போது நவம்பர் 1 அதிகாலை 5.30-க்குள் போட்ட பில்கள் டேட்டாபேஸில் அக்டோபர் 31 என்று பதிவாகியிருந்தன. மூன்று வருஷமாக ஒவ்வொரு மாதமும் இதை நான் கையால் சரிசெய்து வந்திருக்கிறேன், எங்கேயும் எழுதி வைக்கவில்லை. தப்பு என்னுடையது. மாதாந்திர ரிப்போர்ட் குவெரியில் தேதியை இப்படி எடுக்க வேண்டும் (`created_at` டைம்ஸோனுடன் சேமிக்கப்படும் ஃபீல்டு):

```sql
(created_at AT TIME ZONE 'Asia/Kolkata')::date
```

☐ பிரசன்னா 18-ம் தேதிக்குள் மாற்றுவார். கிரானும் யுடிசிதான்: `30 18 * * *` என்று இருந்தால் நமக்கு நள்ளிரவு 12 மணி.

ஐஆர்என் தொல்லைகள்

இ-இன்வாய்ஸ் போர்டல் பதில் தராமல் டைம்-அவுட் ஆனால் பதறி பில் நம்பரை மாற்றாதீர்கள். அதே பில்லைத் திரும்ப அனுப்புங்கள். 2150 என்ற எரர் வந்தால் ஐஆர்என் ஏற்கெனவே உருவாகிவிட்டது என்று அர்த்தம், அதை எடுத்து நம் டேபிளில் போட்டால் போதும்.

கேன்சல் செய்ய 24 மணி நேரம்தான். அந்தப் பில்லுக்கு இ-வே பில் உயிரோடு இருந்தால் முதலில் அதைக் கேன்சல் செய்யுங்கள். நேரம் தாண்டிவிட்டால் போர்டலில் கேன்சல் ஆகாது, நாம் கிரெடிட் நோட் போடுகிறோம். சேல்ஸ் ஆட்கள் போனில் எவ்வளவு கெஞ்சினாலும் இது மாறாது.

பில் நம்பர் 16 எழுத்துக்கு மேல் போகக்கூடாது என்பது ஜிஎஸ்டி விதி. நம்முடைய `CBE/25-26/000123` எண்ணிப் பார்த்தால் சரியாகப் பதினாறு. ஜனவரியில் திறக்கும் புதுக் கிளைக்கு நான்கெழுத்துக் கோடு கேட்டிருக்கிறார்கள். கொடுக்காதீர்கள், மூன்றெழுத்துதான். அக்கவுன்ட்ஸிடம் சொல்லிவிட்டேன், ஆனாலும் திரும்பக் கேட்பார்கள்.

ஏப்ரல் 1 அன்று சீரிஸ் தானாகப் புதிதாகத் தொடங்கும். அன்று காலை முதல் பில்லை யாராவது கண்ணால் பார்த்துவிடுங்கள்.

என் பெயரில் மாட்டியிருப்பவை

☐ டொமைன் புதுப்பிப்பு மெயில் என் சொந்த முகவரிக்கு வருகிறது. டீம் மெயிலுக்கு மாற்ற வேண்டும். இதுதான் அவசரம்.
☐ இ-இன்வாய்ஸ் சாண்ட்பாக்ஸ் ஓடிபி என் மொபைலுக்கு வருகிறது. கவிதா நம்பருக்கு மாற்ற விண்ணப்பம் போட்டாயிற்று.
☑ சர்வர் அட்மின் அனுமதி கவிதாவுக்குத் தரப்பட்டது.
☐ என்னுடைய எஸ்எஸ்ஹெச் கீயை 28 மாலை பிரசன்னா நீக்குவார். நானே நீக்குவது சரியில்லை.

பாஸ்வேர்டு எதையும் இந்த டாக்குமென்ட்டில் போடாதீர்கள். வால்ட்டில் இருக்கிறது.

எஸ்எம்எஸ் வாசகத்தில் ஒரு வார்த்தை மாற்றினாலும் டிஎல்டியில் புதிதாக ஒப்புதல் வாங்க வேண்டும். போன தீபாவளிக்கு வாழ்த்து சேர்க்கப் போய் ஒரு நாள் முழுக்க மெசேஜ் போகவில்லை.

பாதியில் நிற்பவை

ரிட்டர்ன் பில் ஸ்கிரீன் முக்கால்வாசி முடிந்தது, டிசம்பரில் ரிலீஸ் செய்யலாம். பழைய ரிப்போர்ட் மாட்யூலைத் திருப்பி எழுதும் வேலையை நான் தொடங்கியிருக்கவே கூடாது. அந்தப் பிராஞ்சை அழித்துவிட்டால் எனக்கு வருத்தம் இல்லை.

டீம் ஆட்களின் அப்ரைசல், லீவு விஷயங்கள் பொது டாக்குமென்ட்டில் வராது. அதை 24-ம் தேதி மேனேஜரும் கவிதாவும் நானும் நேரில் பேசிக்கொள்கிறோம்.

28-க்குப் பிறகு

டிசம்பர் 11 வரை சாயங்காலம் 7 மணிக்கு மேல் போன் பண்ணலாம். கூப்பிடும் முன் இந்த டாக்குமென்ட்டில் ஒருமுறை தேடிவிடுங்கள். இதில் இல்லாததைக் கேட்டால், பதிலைக் கவிதா இங்கே சேர்த்துவிடுவார்.