பாதி சீட்டு

பாம்பனில் இருக்கிறவள் சென்னை ரயிலில் ஏற எதற்காக ராமேஸ்வரத்துக்குப் போக வேண்டும் என்று முனீஸ்வரி கேட்டாள். அப்பாவிடம் பதில் தயாராக இருந்தது.

"புறப்படுற எடத்துல ஏறுனா வண்டி நிக்கும். பெட்டியத் தேடிக்கிட்டு ஓட வேண்டாம்."

அவரும் ராத்திரி ரயிலில் போனவரில்லை. ஆனால் தடைக்காலம் நடந்துகொண்டிருந்தது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. படகுக்குப் பெயின்ட் அடித்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் மகளின் பயணத்தைப் பற்றியே யோசித்திருக்கிறார் போலும்.

வேலை குரோம்பேட்டையில், ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில். லேப் டெக்னீஷியன் டிப்ளமோ முடித்து ஒரு வருஷம் ராமநாதபுரத்தில் ரத்தம் எடுத்துப் பழகியிருந்தாள். திங்கட்கிழமை சேர வேண்டும். விடுதியில் இடம் சொல்லியாயிற்று. டிக்கெட் மட்டும் ஆர்ஏசி.

"அப்படின்னா?" என்று அம்மா கேட்டதற்கு, பிரவுசிங் சென்டர் அண்ணன், "ஏறலாம், உட்காரலாம். படுக்குறது உங்க மக அதிர்ஷ்டம்" என்றாராம். அம்மா அன்றைக்கே ராமநாதசாமிக்கு வேண்டிக்கொண்டாள்.

சேது எக்ஸ்பிரஸ் பிளாட்பாரத்தில் நின்றது. எஸ்-5, 23-ஆம் நம்பர், பக்கவாட்டுக் கீழ் சீட்டு. அதை இரண்டு பேருக்குப் பாதிப் பாதியாகக் கொடுத்திருந்தார்கள். மற்றப் பாதிக்கு ஆள் இன்னும் வரவில்லை. யாரிடமும் எதுவும் வாங்கித் தின்னாதே, பையைச் சங்கிலி போட்டுப் பூட்டு, தூங்காதே என்றாள் அம்மா. நல்லாத் தூங்கு என்றார் அப்பா. வண்டி நகர்ந்தபோது அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்தாள். பாறையில் பாசி பறித்துப் பறித்துக் கீறிப்போன விரல்கள். அப்பாதான் அவற்றைப் பிரித்துவிட்டார்.

பாலத்தை அவள் எத்தனையோ முறை பஸ்ஸில் கடந்திருக்கிறாள். மேலே ரோட்டுப் பாலத்திலிருந்து பார்த்தால் கீழே ரயில் பாலம் தெரியும். 1914-இல் கட்டிய பழையது, ரயில் ஓடிய காலத்தில், கப்பல் வந்தால் நடுவில் இரண்டாகப் பிரிந்து திறந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே நேராக மேலே எழும்பும். அதை வேடிக்கை பார்த்ததோடு சரி. மேலே ரயிலில் போவது இதுதான் முதல் தடவை. வண்டி மெதுவாக ஊர்ந்தது. இடப்பக்கம் சின்னப்பாலத்து விளக்குகள் தெரிந்தன. முகத்தைக் கம்பியில் அழுத்திக்கொண்டு போன் போட்டாள்.

"அம்மா, நம்ம தெரு தெரியுது. நீங்க எங்க?"

"ராமேஸ்வரத்துலதான். பஸ் இன்னும் எடுக்கல."

வழியனுப்ப வந்தவர்கள் அங்கேயே நிற்க, கிளம்பிப் போனவள் வீட்டைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.

உச்சிப்புளி, ராமநாதபுரம் எல்லாம் தெரிந்த ஊர்கள்; பயம் ஒன்றும் வரவில்லை. பரமக்குடி தாண்டியதும் வாடை வந்தது. மேல் சீட்டுப் பையன் ஒருவன், "ஏதோ எலி செத்துக் கெடக்குங்க" என்றான். முனீஸ்வரிக்குக் காது சுட்டது. எலி இல்லை. அம்மா செய்தித்தாளில் சுற்றி, மூன்று கவர் போட்டுக் கட்டிய சீலாக் கருவாடும் நெத்திலியும்தான். ஹாஸ்டல் சாப்பாடு எப்படியோ, ஆளுக்கு ஒரு துண்டு சுட்டுத் தின்னாலும் சோறு இறங்கும் என்று வைத்தது. பையைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினாள். அதற்கெல்லாம் வாடை அடங்குமா? மானாமதுரையில் இறங்கித் தொட்டியில் போட்டுவிடலாமா என்று எழுந்தேவிட்டாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

காரைக்குடியில் மற்றப் பாதி வந்தது. கண்டாங்கிச் சேலை கட்டிய ஓர் ஆச்சி, ஒரு கூடை, ஒரு எவர்சில்வர் தூக்கு. ஏற்றிவிட வந்த மகன் முனீஸ்வரியைப் பார்த்து, "நீ எங்க எறங்கணும்மா?" என்றார்.

"தாம்பரம்ணே."

"நல்லதாப் போச்சு. அம்மாவும் தாம்பரம்தான். தூங்கிருவாங்க. கொஞ்சம் பாத்து எறக்கி விட்டுரு."

பார்த்துக்கொள்வதா? இவளையே யாராவது பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்று அம்மா நேர்ந்துகொண்டிருக்கிறாள். "சரிண்ணே" என்றாள், வேறென்ன சொல்ல.

ஆச்சி கால் நீட்டி உட்கார்ந்தார். மூக்கை ஒரு தரம் உறிஞ்சினார்.

"கருவாடா ஆத்தா?"

"ஆமா ஆச்சி. மன்னிச்சுக்கங்க, கட்டித்தான்..."

"என்ன கருவாடு?"

"சீலாவும் நெத்திலியும்."

"பாம்பன் பக்கமா? வெலைக்குக் குடுப்பியா?"

அம்மா சொன்ன பட்டியலில் யாரிடமும் வாங்காதே என்பது இருந்தது. விற்காதே என்பது இல்லை. ஆனால் விலை தெரிய வேண்டுமே. மணி பதினொன்றுக்குப் பக்கம். போனை அம்மா முதல் மணியிலேயே எடுத்தாள்.

"என்னடி, என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகலம்மா. அரைக் கிலோ சீலா என்ன வெல?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ரயிலுக்குள்ள கருவாடு விக்கிறியா நீ?" பின்னால் அப்பா சிரிப்பது கேட்டது. "பெரியவங்கன்னா சும்மா குடு."

ஆச்சி சும்மா வாங்க மாட்டாராம். மூட்டையைப் பிரித்ததும் மேல் சீட்டுப் பையன் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டான். சீலாவை ஆச்சி தன் தூக்கில் போட்டு மூடியை அழுத்தினார். நெத்திலியைத் தன் கூடையிலிருந்த கெட்டிப் பை ஒன்றில் போட்டு, வாயை முறுக்கி, ரப்பர் பேண்டை நாலு சுற்றுச் சுற்றினார். வாடை பாதியாகக் குறைந்தது. "ஒங்கம்மாவுக்கு உப்புப் போடத் தெரியுது, கட்டத் தெரியல" என்றார்.

புதுக்கோட்டை தாண்டி டிடிஆர் வந்தார். கையிலிருந்த டேப்லெட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "46 காலியா இருக்கு. ரெண்டு பேர்ல ஒருத்தர் போகலாம். அப்பர்" என்றார். ஆச்சி ஏணியைப் பார்த்தார், முனீஸ்வரியைப் பார்த்தார். அதில் பேச ஒன்றுமில்லை.

மேலே ஏறிப் படுத்தவளுக்குத் தூக்கம் வரவில்லை. பை கீழே 23-இல், ஆச்சி காலடியில். சங்கிலியை மறந்துவிட்டாள். இறங்கிப் போய்ப் பூட்டினால் ஆச்சி என்ன நினைப்பார்? பூட்டாவிட்டால் அம்மா என்ன நினைப்பாள்? திருச்சி வரைக்கும் இதிலேயே போயிற்று. அப்புறம் எப்போது கண் அயர்ந்தாள் என்று தெரியாது.

விழுப்புரத்தில் டீக்காரர் சத்தத்தில் விழித்து, பதறி இறங்கி ஓடினாள். பை அப்படியே இருந்தது. அதன் வாரைத் தன் கட்டைவிரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு ஆச்சி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இவள் ஓரமாக உட்கார்ந்து, செங்கல்பட்டில் எழுப்பினாள்.

தாம்பரத்தில் மகள் வந்திருந்தார். கூடையை இறக்கிக் கொடுத்ததும் ஆச்சி முந்தானை முடிச்சை அவிழ்த்து, முந்நூறு ரூபாயை முனீஸ்வரி கையில் திணித்தார். "தூக்குல என்னம்மா?" என்று மகள் மூடியைத் தொடுவதற்குள் இவள் படியேறிவிட்டாள்.

லோக்கல் கவுன்டரில் வரிசை நீளம். "குரோம்பேட்டை ஒண்ணு" என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் கூடுதலாகவே வந்துவிட்டது. நடுவில் சானடோரியம் ஒன்றுதான், அடுத்தது இறங்க வேண்டும் என்று இரண்டு பேரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டாள். போன் அடித்தது.

"எறங்கிட்டியா? பை இருக்கா? சாப்பிட்டியா?"

"எல்லாம் ஆச்சும்மா."

"அந்தம்மா என்ன குடுத்தாங்க?"

"முந்நூறு."

அம்மா கணக்குப் போடுவது மூச்சிலேயே தெரிந்தது. "நான்னா முந்நூத்தம்பது சொல்லிருப்பேன். சரி, மிச்ச நெத்திலிய எவளுக்கும் வித்துறாத."

"மின்சார ரயில் வருதும்மா, வைக்கிறேன்."