ஆயரம்மா யார்? தென்னிந்தியத் திருச்சபையில் பெண் குருப்பட்டமும் பெங்களூருத் தமிழ்ச் சபையொன்றின் தயக்கங்களும்

மாநாட்டுக்கான ஆய்வுச் சுருக்கம்
அமர்வு: சமயமும் பாலினமும்
சொல் வரம்பு: 800 (பெயர் நீக்கிய மதிப்பீட்டுக்காக)

பெங்களூரு கன்டோன்மெண்ட் பகுதியில், சி.எஸ்.ஐ. எனப்படும் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த ஒரு தமிழ்ச் சபை. காலை ஆராதனை முடிந்து வாசலில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பாட்டி என்னிடம் கேட்டார்: "புது ஆயரம்மா வந்துட்டாங்களாமே, ஆயர் எப்போ வர்றாரு?" அன்று பிரசங்கம் செய்து, திருவிருந்து நடத்தி, ஆசீர்வாதம் கூறிய பெண்தான் சபையின் புது குருவான ஆயர். பாட்டி அத்தனையும் பார்த்திருந்தார். ஆனாலும் 'ஆயரம்மா' என்ற சொல் அவருக்கு ஆயரின் மனைவியைத்தான் குறித்தது. எங்கள் சபைகளில் நெடுங்காலமாக அதுதான் அந்தச் சொல்லின் பொருள்.

சட்டத்தைப் பொறுத்தவரை இந்த விவாதம் தென்னிந்தியத் திருச்சபையில் எப்போதோ முடிந்துவிட்டது. ஆங்கிலிகன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் 1947இல் ஒன்றாகி உருவான இந்தச் சபையில் 1976இல் எலிசபெத் பால் குருப்பட்டம் பெற்றார். இங்கிலாந்துத் திருச்சபை பெண்களைக் குருக்களாக்கியது 1994இல். 2013இல் புஷ்பலலிதா ஆந்திரத்தின் நந்தியால் பேராயத்துக்குப் பேராயரானபோது இங்கிலாந்தில் பெண் பேராயர் ஒருவர்கூட இல்லை. முதலாமவர் வர 2015 ஆயிற்று. நந்தியால் பற்றி இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். 1947இல் ஒன்றிப்புக்கு உடன்படாமல், குருப்பட்ட மரபின் தூய்மையைக் காரணம் காட்டி ஆங்கிலிகன்கள் வெளியே நின்ற பகுதி அது. அதே ஊர்தான் முதல் பெண் பேராயரைப் பெற்றது. ஆகவே 'பழமைவாதச் சபை, முற்போக்குச் சபை' என்று பிரித்துவைத்துப் பேசுவது இங்கே அதிகம் உதவாது.

சரி, சட்டம் முடித்துவைத்த விவாதம் எங்கே போனது? அது இறையியலை விட்டுவிட்டு 'வசதி' என்ற பேச்சுக்குள் குடியேறிவிட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம். பெண் குருவை எதிர்ப்பதாக இன்று சபையில் யாரும் சொல்வதில்லை. "எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, அவங்களுக்குத்தான் சிரமம்" என்கிறார்கள். இந்த வாக்கியத்தைச் சிறு மாற்றங்களோடு பலர் வாயிலும் கேட்டேன். ராத்திரி இரண்டு மணிக்குச் சாவு என்று ஃபோன் வந்தால் யார் போவது? கணவருக்கு வேறு ஊரில் வேலை என்றால் மாற்றல் எப்படி? ஆயர் மனை மெயின் ரோட்டில் இருக்கிறதே? இதே கேள்விகளை ஆண் ஆயர் வரும்போது யாரும் கேட்பதில்லை. ராத்திரி அவரோடு இரண்டு இளைஞர்களை அனுப்புவது மட்டும் எல்லோருக்கும் இயல்பாகவே தோன்றுகிறது.

கேட்கப்படாத கேள்வி ஒன்றும் உண்டு. மாதவிலக்கு நாட்களில் அப்பத்தைத் தொடலாமா என்பது. கமிட்டியில் அது எழவே எழாது, எந்தக் குறிப்பேட்டிலும் ஏறாது. பேட்டி முடிந்து ரெக்கார்டரை அணைத்த பிறகு, கதவருகில் நின்றுகொண்டு மூன்று பெண்கள் தனித்தனியாக என்னிடம் கேட்டார்கள். இதற்கு அவர்கள் வேதத்தை மேற்கோள் காட்டவில்லை. "எங்க வீட்டுல அப்படித்தான்" என்றார்கள். குருப்பட்ட விவாதத்தை வேத வசனங்களின் மோதலாக மட்டும் பார்க்கும் ஆய்வுகள் இந்தக் கதவருகுப் பேச்சைத் தவறவிட்டுவிடுகின்றன. என் பார்வையில் விஷயத்தின் பாதி அங்கேதான் இருக்கிறது.

திருவிருந்துக் கிராதியில் கண்டது இன்னும் தெளிவானது. மாதத்தின் முதல் ஞாயிறு கூட்டம் அதிகம் என்பதால் ஓய்வுபெற்ற ஆயர் ஒருவர் உதவிக்கு வருவார். அவர் வலப்பக்கம், பெண் ஆயர் இடப்பக்கம் நின்று அப்பம் கொடுத்தார்கள். இடப்பக்க இருக்கைகளில் இருந்த சில பெரியவர்கள் நடுவழியில் மெல்ல நகர்ந்து வலப்பக்க வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை, ஒன்றும் சொல்லவுமில்லை. அடுத்த மாதம் பெண் ஆயர் வலப்பக்கத்துக்கு மாறி நின்றார். பெரியவர்களும் மாறினார்கள். அதற்கடுத்த மாதம் ஓய்வுபெற்றவர் தன் கையில் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, கிராதி முழுவதற்கும் அப்பம் கொடுக்கும் பொறுப்பை அவரிடமே விட்டுவிட்டார். அன்று நகர இடமில்லை. இருவர் மட்டும் முழங்காலிடாமல் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். லெந்து காலம் முடிவதற்குள் அதில் ஒருவர் வந்துவிட்டார்.

வேத வாசிப்பு இக்கட்டுரையில் ஓர் இடத்தில் மட்டும் வருகிறது. "ஸ்திரீயானவளுக்கு நான் உத்தரவு கொடுக்கிறதில்லை" என்ற 1 தீமோத்தேயு 2:12 பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டதால் அதை விடுகிறேன். நான் எடுத்துக்கொள்வது பழைய தமிழ் மொழிபெயர்ப்பின் ஒரு சொல்தேர்வு. 'டியாகொனொஸ்' என்ற கிரேக்கச் சொல் பிலிப்பியர் 1:1இலும் 1 தீமோத்தேயு 3:8இலும் 'உதவிக்காரர்' என்று ஒரு சபைப் பதவியாகிறது. ரோமர் 16:1இல் அதே சொல் பெபேயாள் என்ற பெண்ணுக்கு வரும்போது 'ஊழியக்காரி' ஆகிவிடுகிறது. தமிழ்ச் சபையில் ஊழியக்காரி என்றால் வீடு வீடாகப் போய் ஜெபிக்கும் அம்மா. பதவியும் இல்லை, கமிட்டியில் இடமும் இல்லை. பேட்டிகளில் இந்த வசனங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது, ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருவர் பைபிளை வாங்கித் திரும்பப் படித்துவிட்டு, "இத இத்தனை வருஷமா பசங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேனே" என்றார்.

ஆய்வு முறை எளிது. ஓராண்டு ஆராதனைகளில் கலந்துகொண்டு கவனித்தேன்; சபையார் 14 பேரோடு தமிழில் நீண்ட உரையாடல்கள் நடத்தினேன்; சேகரக் கமிட்டியின் அனுமதியோடு சில குறிப்பேடுகளைப் பார்த்தேன். நானும் சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்தவள், என் தாத்தா உபதேசியார். அதனால் சில கதவுகள் திறந்தன. சிலர் என்னிடம் மரியாதைக்காக மழுப்பியிருக்கவும் கூடும். ஒரு நகரச் சபையை வைத்துத் திருநெல்வேலிக் கிராமங்களைப் பற்றிப் பேச முடியாது. கன்னடப் பெரும்பான்மை உள்ள பேராயத்தில் சிறுபான்மையாக இருக்கும் தமிழ்ச் சபை என்பதும் முக்கியம்: 'தமிழ் தெரிந்த ஆயர் கிடைத்ததே போதும்' என்ற நிலை சில எதிர்ப்புகளை அடக்கியது. அது ஏற்பா, தேவையா என்பதைக் கட்டுரையில் தனியாக விவாதிக்கிறேன்.

அமர்வில் கிராதி நிகழ்வையும் 'வசதி'ப் பேச்சையும் விரிவாக வைப்பேன். வரலாற்றுக்கு ஐந்து நிமிடம் போதும். சபை அச்சிடும் ஆண்டு நாட்காட்டியையும் காட்டுவேன். அதன் கடைசிப் பக்கத்தில் வருடாவருடம் இரண்டு வரிகள் இருக்கும்: 'சேகர ஆயர்' என்று ஒன்று, 'ஆயரம்மா, தலைவி, பெண்கள் ஐக்கிய சங்கம்' என்று இன்னொன்று. பெண் ஆயர் வந்த வருடம் கமிட்டி அதைப் பற்றி முக்கால் மணிநேரம் பேசியிருக்கிறது. கணவருக்கு என்ன பட்டம் என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் இரண்டு வரிகளிலும் ஆயரின் பெயரையே அச்சிட்டார்கள்.

திறவுச்சொற்கள்: தென்னிந்தியத் திருச்சபை, குருப்பட்டம், பாலினம், திருவிருந்து, தமிழ் வேதாகமம், பெங்களூரு