அசோக் நகர் மெட்ரோவிலிருந்து 7 நிமிட நடையில் 2 பெட்ரூம் வீடு வாடகைக்கு (புரோக்கர் கமிஷன் இல்லை)

வாடகை ரூ.28,000. மெயின்டனன்ஸ் தனியாக ரூ.2,200. அட்வான்ஸ் மூன்று மாத வாடகை, அதாவது ரூ.84,000. 870 சதுர அடி, இரண்டாவது மாடி, கிழக்குப் பார்த்த வாசல், லிஃப்ட் உண்டு. அடுத்த மாதம் 1-ஆம் தேதியிலிருந்து குடிவரலாம். நாங்கள் இதே பில்டிங்கில் முதல் மாடியில் இருக்கிறோம். நேராக எங்களிடமே பேசலாம்.

ஏழு நிமிடம் என்பது விளம்பரக் கணக்கு இல்லை, சாதாரண நடை. ஸ்டேஷன் படியிறங்கி 100 அடி ரோட்டின் சர்வீஸ் ரோட்டில் கொஞ்ச தூரம் வந்து, டீக்கடையும் இஸ்திரி வண்டியும் இருக்கிற முனையில் திரும்பினால் எங்கள் தெரு. கடைசி ரயிலில் வந்து இறங்கினாலும் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும். எழும்பூர், சென்ட்ரலுக்கு ரயில் மாற வேண்டாம். கோயம்பேடு பஸ் ஸ்டாண்ட் மூன்றாவது ஸ்டேஷன். ஏர்போர்ட் போகிறவர்கள் ஆலந்தூரில் மாறிக்கொள்ளலாம், அது இரண்டே ஸ்டேஷன். ஈக்காட்டுத்தாங்கல், கிண்டி பக்கம் ஆபீஸ் என்றால் வண்டியே எடுக்க வேண்டாம்.

வீட்டைப் பற்றி: ஹாலில் சோபா, டைனிங் டேபிள் இரண்டும் தாராளமாகப் பிடிக்கும். பெரிய பெட்ரூமில் அட்டாச்டு பாத்ரூம், சுவர் அலமாரி, ஏசி பாயின்ட் இருக்கின்றன. இரண்டாவது பெட்ரூம் சின்னது. டபுள் காட் போட்டால் பீரோவுக்கு மட்டும்தான் இடம் மிச்சம். பிள்ளைகள் படிக்கவோ, வீட்டிலிருந்து வேலை பார்க்கவோ அது போதும். கிச்சனில் கிரானைட் மேடை, சிம்னி, மேலே லாஃப்ட், ஒட்டினாற்போல் வாஷிங் மெஷினுக்கு ஒரு சர்வீஸ் ஏரியா. பால்கனி மேற்கே பார்த்தது. சாயங்காலம் காற்று நன்றாக வரும், ஆனால் சித்திரை வெயிலில் மூன்று மணிக்கு அங்கே நிற்க முடியாது. அதற்காக மூங்கில் தட்டி கட்டி வைத்திருக்கிறோம்.

வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது தண்ணீர். கிச்சனில் மெட்ரோ வாட்டருக்குத் தனிக் குழாய் உண்டு. பாத்ரூமுக்கெல்லாம் போர் தண்ணீர். லேசாக உப்பு தட்டும், கீசரை வருஷம் ஒருமுறை சர்வீஸ் பண்ண வேண்டியிருக்கும். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினால் அது மெயின்டனன்ஸிலேயே அடக்கம், தனியாகக் கேட்க மாட்டோம். அடுத்த கேள்வி மழை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெருவில் தண்ணீர் நின்றது, பார்க்கிங் வரை ஏறவில்லை. கரண்ட் வர மட்டும் மறுநாள் மாலை ஆகிவிட்டது.

ஈபி மீட்டர் தனி. யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வசூலிக்கிற கதை இங்கே கிடையாது. வருகிற பில்லை நீங்களே கட்டிக்கொள்ளலாம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமும் உங்களுக்கே. காலி செய்யும்போது பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடிக்கவும் மாட்டோம். ஏதாவது உடைந்திருந்தால் அதற்கு மட்டும்தான் கணக்கு. அக்ரிமென்ட் 11 மாதம், tenancy.tn.gov.in தளத்தில் முறையாகப் பதிவு செய்து தருவோம்.

பார்க்கிங்கில் ஒரு கார், ஒரு பைக் நிறுத்தலாம். தூண் இடுக்கில் திருப்ப வேண்டியிருப்பதால் ஸ்விஃப்ட் அளவு வண்டி சுலபமாகப் போகும். இன்னோவா வைத்திருப்பவர்கள் வீடு பார்க்க வரும்போது வண்டியோடு வந்து ஒருமுறை விட்டுப் பார்த்துவிடுங்கள்.

கே.கே. நகர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி பக்கம். அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியும் இந்த ஏரியாவில்தான். காய்கறிக்கு வாசலிலேயே தள்ளுவண்டி வரும். வடபழனி முருகன் கோயிலுக்கு ஒரு ஸ்டேஷன். கிருத்திகை அன்று மட்டும் கூட்டத்துக்குத் தயாராகப் போங்கள்.

குடும்பமோ, வேலைக்குப் போகும் பெண்களோ, பையன்களோ, யார் வேண்டுமானாலும் கேட்கலாம். தனியாகத் தங்குகிறவர்கள் என்றால் அதிகபட்சம் மூன்று பேர். சாதி, மதம் கேட்க மாட்டோம், சமையலில் கட்டுப்பாடு இல்லை. நாய், பூனை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மேல் மாடியில் ஏற்கெனவே ஒரு லேப்ரடார் இருக்கிறான், அவனோடு ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான்.

வீடு பார்க்க சனி, ஞாயிறு காலை 10 முதல் 1 வரை. மற்ற நாட்களில் மாலை 6 மணிக்கு மேல். எத்தனை பேர், எங்கே வேலை, எப்போது குடிவர உத்தேசம் என்று மூன்று வரி மெசேஜ் அனுப்பினால் அன்றைக்கே லொகேஷன் அனுப்புகிறோம். வாடகையில் ஐந்நூறு ஆயிரம் பேசிப் பார்க்கலாம், அட்வான்ஸில் மாற்றம் இல்லை. புரோக்கர்கள் தயவுசெய்து அழைக்க வேண்டாம்.